வட்டத் தட்டும் அறுபத்தோராவது அலகும்

2025 ஆகஸ்ட் மாதத்து மின் பட்டியல் வந்த மாலையில் எங்கள் வீட்டில் ஒரு வயர்லெஸ் சார்ஜர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. ஜூலையில் 58 அலகுகளுக்கு 569 ரூபாய் வந்திருந்தது. ஆகஸ்டில் மூன்றே மூன்று அலகுகள் கூடி 61 ஆகியிருந்தன, ஆனால் தொகையோ 1183 ரூபாய் 50 சதம். இரண்டும் 30 நாட்களுக்கான பட்டியல்கள். வரியை விட்டுவிட்டு மின்சாரத்துக்கான தொகையை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி ஜூலை இறுதியில் ஹட்டனுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த வட்டமான கறுப்புத் தட்டு அது. கைபேசியை மேலே வைத்தால் போதும், வயர் செருக வேண்டியதில்லை. எங்கள் ஊர் மழைக்காலத்துக்கு அது வெறும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் என் கைபேசியின் சார்ஜ் துளைக்குள் ஈரம் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வரும். துடைத்து, ஊதி, அடுப்படியில் காயவைத்து, ஒரு மணித்தியாலம் காத்திருந்த பிறகுதான் கேபிள் ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே தட்டு வந்த நாளிலிருந்து நானும் என் கணவரும் அதிலேயே மின்னேற்றம் செய்யத் தொடங்கிவிட்டோம்.

அப்பா முப்பது வருடங்களுக்கு மேலாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். மோட்டார் நலமாக இருக்கிறதா என்று அறிய அவர் முதலில் செய்வது புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பதுதான். பட்டியலைப் பார்த்தவர் எழுந்து போய்த் தட்டின் மேல் அதே புறங்கையை வைத்தார். "பாரும்மா, சுடுது. சூட்டுக்கும் சேர்த்துத்தான் நாம காசு கட்டுறோம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு காசு என்பதுதான் கேள்வி. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு, தொகை தெரியாமல் ஒருவரைக் குற்றம் சாட்டுவது பிடிக்காது, அது ஒரு தட்டாக இருந்தாலும் சரி. பிளக் பொயின்ட்டுக்கும் சார்ஜருக்கும் இடையில் செருகும் சிறிய அளவுமானி ஒன்றைக் கடன் வாங்கி, செப்டம்பர் மாதம் முழுவதும் அளந்தேன்.

அளந்ததைச் சொல்வதற்கு முன், சூடு எங்கே உண்டாகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிறகு வரும் எண்கள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

கேபிள் வழி மின்னேற்றத்தில் மின்சாரம் கடக்கும் படிகள் மிகச் சில. சுவரில் வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை, செருகும் அடப்டர் தாழ்ந்த வோல்ற்றளவுள்ள நேரோட்டமாக மாற்றுகிறது. நல்ல அடப்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இந்த மாற்றத்தில் வெப்பமாகப் போகும். கேபிளின் செம்பில் சிறிது போகும். கைபேசிக்குள் இருக்கும் மின்னேற்றச் சுற்றிலும் மின்கலத்திலும் இன்னும் சிறிது போகும். எல்லாம் சேர்த்து, சுவரிலிருந்து எடுத்த நூற்றில் ஏறத்தாழ எண்பது மின்கலத்துக்குள் சேர்கிறது.

தட்டில் வைக்கும்போது இந்தப் படிகள் எதுவும் குறைவதில்லை. அதே அடப்டர் வேண்டும், அதே மின்னேற்றச் சுற்று வேண்டும், அதே மின்கலம்தான். இவற்றுக்கு நடுவில் புதிதாக ஒரு நீண்ட சுற்றுப்பாதை சேர்கிறது. அடப்டர் பாடுபட்டு நேரோட்டமாக்கித் தந்ததைத் தட்டு மறுபடியும் ஆடலோட்டமாக்குகிறது, அதுவும் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முதல் இரண்டு இலட்சம் தடவை முன்னும் பின்னும் போய்வரும் ஆடலோட்டமாக. அது தட்டுக்குள் சுருட்டி வைத்திருக்கும் செம்புக் கம்பியில் ஓடிக் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலம் கைபேசியின் முதுகில் இருக்கும் இன்னொரு சுருளில் மின்னைத் தூண்டுகிறது. அங்கே பிறக்கும் ஆடலோட்டத்தைக் கைபேசிக்குள் இருக்கும் சீராக்கி மீண்டும் நேரோட்டமாக்கிக் கொடுக்கிறது. இந்தப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சுங்கம் உண்டு. சுருள்கள் நேருக்கு நேர் அமர்ந்திருந்தாலும் இந்த நடுப்பாதை மட்டும் தன்னிடம் வந்ததில் முக்காலுக்கும் சற்றுக் குறைவாகவே கடத்துகிறது.

பாடசாலையில் படித்த நிலைமாற்றியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது, ஆனால் தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் நிலைமாற்றி இவ்வளவு வீணாக்குவதில்லையே என்று கேட்கலாம். அங்கே இரண்டு சுருள்களும் ஒரே இரும்பு அகணியைச் சுற்றியிருக்கின்றன. ஒன்று எழுப்பும் காந்தப் புலம் ஏறத்தாழ முழுவதும் மற்றதன் ஊடாகப் போகிறது. தட்டுக்கும் கைபேசிக்கும் இடையிலோ பிளாஸ்திக், கண்ணாடி, உறை, காற்று என்று சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது. புலத்தின் ஒரு பகுதியே அடுத்த சுருளைத் தொடுகிறது.

இந்த இடத்தில் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொடாமல் போன புலம் அப்படியே காற்றில் சிந்தி வீணாகிவிடுகிறது என்பது அந்த நினைப்பு. உண்மையில் யாரும் எடுத்துக்கொள்ளாத புலத்தின் சக்தியில் பெரும்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் சுருளுக்கே திரும்பி வந்துவிடுகிறது. நட்டம் வேறு வழியில் வருகிறது. பிணைப்பு பலவீனமாக இருக்கும்போது அதே அளவு சக்தியைக் கைபேசிக்குக் கொடுக்கத் தட்டு தன் சுருளில் கூடுதலான மின்னோட்டத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இதற்கு மேல், கைபேசிக்குள் இருக்கும் உலோகப் பாகங்களைப் புலம் தொடும்போது அவற்றில் சுழிப்போட்டங்கள் எழுந்து அவையும் சுடும். அப்பாவின் புறங்கை உணர்ந்தது இவற்றைத்தான்.

இனி அளவுமானி. அது அலகின் நூறில் ஒரு பங்கு வரைதான் காட்டும், அதாவது 10 வாற்று மணித்தியாலம் அதன் மிகச் சிறிய படி. ஒரு கைபேசியை ஒரு தடவை நிரப்பினால் அது 0.02 என்றோ 0.03 என்றோதான் காட்டும். அந்த இரண்டுக்கும் இடையில் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரே ஒரு தடவை அளந்து பார்த்து "பெரிய வித்தியாசமில்லை" என்று சொல்பவர்களும், "ஒன்றரை மடங்கு" என்று சொல்பவர்களும் பெரும்பாலும் இந்தப் படிக்குள் விழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆகவே பத்துத் தடவை நிரப்பி, மொத்தத்தைப் பத்தால் வகுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ வெறுமையான நிலையிலிருந்து தொடங்கி 100 காட்டியதும் எடுத்துவிட்டேன். நிரம்பிக்கொண்டிருக்கும்போது கைபேசியை யாரும் தொடக் கூடாது என்பதும் ஒரு விதி. திரை எரிந்தால் அது எடுக்கும் மின்னும் கணக்கில் ஏறிவிடும். இந்த விதியை வீட்டில் நிலைநாட்டியதுதான் முழு வேலையிலும் கடினமான பகுதி.

எங்கள் இருவரிடமும் ஒரே வகைக் கைபேசி. மின்கலம் 4500 மில்லி அம்பியர் மணித்தியாலம் கொண்டது. அதன் சராசரி வோல்ற்றளவான 3.85 ஆல் பெருக்கினால் 17 வாற்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக வருகிறது. மின்கலத்துக்குள் சேர வேண்டியது அவ்வளவுதான்.

கேபிளில் பத்துத் தடவைக்கு அளவுமானி 0.22 அலகு காட்டியது, ஆகவே ஒரு தடவைக்கு 22 வாற்று மணித்தியாலம். தட்டில், சுருள்கள் நேராக அமரும்படி கவனமாக வைத்து, உறையைக் கழற்றிவிட்டுப் பத்துத் தடவை நிரப்பியபோது 0.31 வந்தது, ஒரு தடவைக்கு 31. நாற்பது வீதம் கூடுதல். 2020இல் வெளிநாட்டு இணைய இதழ் ஒன்றில் பிக்சல் 4 கைபேசியை வைத்துச் செய்த அளவீட்டில் கேபிளுக்கு 14.26, தட்டுக்கு 21.01 வாற்று மணித்தியாலம் என்று வந்திருந்தது. அதாவது 47 வீதம் கூடுதல். அது வேறு கைபேசி, வேறு தட்டு, கருவியும் என்னுடையதை விட நுணுக்கமானது. இருந்தும் இரண்டும் ஒரே திசையில்தான் காட்டுகின்றன.

மூன்றாவது பத்தை நாங்கள் ஆகஸ்டில் உண்மையில் எப்படி வைத்தோமோ அப்படியே செய்தேன். கைபேசி தடித்த உறைக்குள் இருந்தது, தட்டு கட்டிலுக்கு அருகே முக்காலியில் இருந்தது, விளக்கை அணைத்த பிறகு கை போன இடத்தில் கைபேசி வைக்கப்பட்டது. பத்துக்கு 0.38 வந்தது. கேபிளோடு பார்த்தால் எழுபது வீதத்துக்கும் மேல் கூடுதல்.

நேராக வைப்பதற்கும் ஒரு விரற்கடை தள்ளி வைப்பதற்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதற்கு, தட்டும் கைபேசியும் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகெங்கும் பெரும்பாலான தட்டுகள் பின்பற்றும், ஆங்கிலத்தில் Qi என்று எழுதப்படும் 'சீ' என்ற நியமத்தில், கைபேசி தன் பக்கத்துச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைப்பதன் மூலமாகவே தட்டுக்குச் செய்தி அனுப்புகிறது. போதுமான சக்தி வரவில்லை என்றால் "இன்னும் வேண்டும்" என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். தட்டும் தன் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கைபேசிக்குப் போய்ச் சேருவது கூடாவிட்டாலும் சுருளின் சூடு கூடும். அந்தச் சூடு கைபேசியின் முதுகில் ஏறி, மின்கலம் ஒரு எல்லையைத் தாண்டிச் சுட்டால், கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள மின்னேற்ற வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது நேரம் நீளும். தட்டின் சுற்றுக்குத் தேவைப்படும் சக்தியோ வேகம் குறைந்தாலும் அந்த அளவுக்குக் குறைவதில்லை, ஆகவே நீண்ட நேரம் முழுவதும் அந்தச் செலவு ஓடிக்கொண்டிருக்கும். நேராக வைத்தால் இரண்டரை மணித்தியாலத்தில் நிரம்பிய எங்கள் கைபேசி, தள்ளி வைத்த நாட்களில் மூன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டது.

இதைக் கண்டுகொள்ள அளவுமானி தேவையில்லை. வைத்து இருபது நிமிடத்தில் கைபேசியைத் தூக்கி அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருப்பது இயல்பு, விரலை வைத்திருக்க மனமில்லாத அளவு சூடாக இருப்பது இயல்பு அல்ல. பூட்டிய திரையில் இன்னும் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று காட்டும் கைபேசியாக இருந்தால், ஒரு சென்ரிமீற்றர் அளவு இப்படியும் அப்படியும் நகர்த்தி, மிகக் குறைந்த நேரத்தைக் காட்டும் இடத்தைப் பிடிக்கலாம். எங்கள் மலைக்குளிர் இந்தத் தொட்டுப்பார்க்கும் சோதனையைச் சற்று ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். அறையே பதினைந்து பாகையில் இருக்கும்போது சுடுகின்ற கைபேசி கையில் இதமாகத்தான் இருக்கும், என் கணவர் அதைக் கம்பளிக்குள் எடுத்து வைத்துக்கொள்ளாத குறைதான். ஆகவே நேரத்தைப் பார்ப்பதே நம்பகமானது. 2023இல் அறிவிக்கப்பட்ட 'சீ 2' நியமத்தில் தட்டிலும் கைபேசியிலும் காந்த வளையங்கள் இருப்பதால் அவை தாமாகவே சரியான இடத்தில் கவ்விக்கொள்ளும். அப்படிப்பட்டவற்றில் இருட்டில் தள்ளி வைக்கும் சிக்கல் எழுவதில்லை, ஆனால் சுற்றுப்பாதைக்குரிய அடிப்படை நட்டம் அங்கேயும் உண்டு.

இன்னொன்றும் கணக்கில் சேர வேண்டும். கைபேசி இல்லாதபோதும் தட்டு உறங்குவதில்லை. மேலே ஏதாவது வந்து அமர்ந்திருக்கிறதா என்று நொடிக்கு நொடி மெல்லிய துடிப்பு ஒன்றை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அளவு சிறியது, சுவரில் செருகும் மலிவான அளவுமானி அதைப் பூச்சியம் என்றே காட்டும். அடப்டருக்கும் தட்டுக்கும் நடுவில், யூஎஸ்பி பக்கத்தில் செருகும் வேறொரு சிறு மானியில் பார்த்தபோது 5 வோல்ற்றில் 0.04 அம்பியர் காட்டியது, அதாவது 0.2 வாற்று. அடப்டரின் சொந்தச் செலவையும் சேர்த்துச் சுவரில் 0.25 வாற்று என்று வைத்துக்கொள்ளலாம். நாளில் 17 மணித்தியாலம் தட்டு வெறுமையாக இருந்தால், மாதத்தில் அது 0.13 அலகு. வீட்டு மின்மானியில் இவ்வளவு சிறிய சுமை தனியாகப் பதியாது என்று ஒரு நண்பர் சொன்னார். தனியாக இருந்தால் பதியாமல் போகலாம்தான். ஆனால் குளிர்சாதனப்பெட்டியும் விளக்கும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அது அவற்றின் மேல் ஏறித்தான் பதிகிறது.

இப்போது கூட்டல். இரண்டு கைபேசிகள், நாளுக்கு ஒரு தடவை வீதம் 30 நாட்கள் நிரப்பப்படுகின்றன. கேபிளை விடத் தட்டு கூடுதலாக எடுப்பது நேராக வைத்தால் தடவைக்கு 9 வாற்று மணித்தியாலம், கண்டபடி வைத்தால் 16. ஆகவே மாதத்துக்கு 0.54 அலகு அல்லது 0.96 அலகு. வெறுமையாக இருக்கும் நேரத்தின் 0.13ஐயும் சேர்த்தால் கவனமாக இருந்தால் 0.67, கவனமில்லாவிட்டால் 1.09. நிரம்பிய பின்னும் விடியும் வரை தட்டிலேயே கிடக்கும் கைபேசிக்கு இதற்கு மேலும் சிறிது கூடும். நான் அதை அளக்கவில்லை.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "ஒரு யூனிட்டா? ஒரு யூனிட்டுக்கு அறுநூறு ரூபாயா?" என்றார்.

உண்மையில் ஆம், அந்த மாதம் ஒரு அலகுக்கு ஏறத்தாழ அறுநூறு ரூபாய்தான். இது தட்டின் வேலை அல்ல, கட்டணப் படிகளின் வேலை. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், மாதம் 60 அலகுக்குள் இருப்பவர்களுக்கு முதல் 30 அலகு 4 ரூபாய் 50 சதம் வீதமும் அடுத்த 30 அலகு 8 ரூபாய் வீதமும் கணக்கிடப்பட்டது. 31 முதல் 60 வரை எடுத்தவருக்கு நிலையான கட்டணம் 210 ரூபாய். ஆகவே சரியாக 60 அலகு எடுத்தால் 135, 240, 210 ஆகிய மூன்றும் சேர்ந்து 585 ரூபாய். 61ஆவது அலகைத் தொட்டவுடன் அந்த மலிவான விலை முதல் அலகிலிருந்தே மறைந்துவிடுகிறது. முதல் 60 அலகும் 12 ரூபாய் 75 சதம் வீதம் 765 ரூபாய் ஆகிவிடும். 61ஆவதுக்கு 18 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 400. மொத்தம் 1183 ரூபாய் 50 சதம். அந்த ஒற்றை அலகின் விலை 598 ரூபாய் 50 சதம் என்பது இப்படித்தான் வருகிறது.

ஆகவே "வயர்லெஸ் சார்ஜர் மாதம் எத்தனை ரூபாய் கூட்டும்?" என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரு விடை இல்லை. ஒரே தட்டு, ஒரே இரண்டு கைபேசிகள், அதே 0.67 அலகு, அதே 2025 ஜூன் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். லயத்து வீட்டில் மாதம் 25 அலகோடு வாழும் குடும்பத்துக்கு அது 3 ரூபாய். எங்களைப் போல் 31க்கும் 60க்கும் நடுவில் இருப்பவருக்கு 5 ரூபாய் 40 சதம் அளவில். 61 முதல் 90க்குள் இருப்பவருக்கு 12 ரூபாய் அளவில். ஹோட்டல் போல விளக்கும் சுடுநீர்க் கருவியும் வைத்து 180ஐத் தாண்டுபவருக்கு அலகு 61 ரூபாய் என்பதால் ஏறத்தாழ 41 ரூபாய். படியின் விளிம்பில் நிற்பவருக்கோ பல நூறு. 90இலிருந்து 91க்குத் தாண்டினாலும் நிலையான கட்டணம் 400இலிருந்து 1000 ஆகிறது, அந்த ஒரு அலகு 624 ரூபாய். மின்னேற்றத்தை நள்ளிரவுக்குத் தள்ளிப்போட்டால் குறையுமா என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் எந்த நேரத்து அலகும் ஒரே விலைதான், நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறியவர்களுக்கு மட்டுமே அந்த வித்தியாசம் உண்டு.

ஆனால் ஆகஸ்டின் அறுபத்தோராவது அலகைத் தட்டின் தலையில் கட்டுவது நீதியா என்பதை நான் நெடுநேரம் யோசித்தேன். தட்டு இல்லாதிருந்தால் 61இலிருந்து 1.09 கழிந்து நாங்கள் 60க்குள் நின்றிருப்போம் என்பது உண்மை. அதே போல, துணி அழுத்தும் பெட்டியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்காமல் விட்டிருந்தாலும் நின்றிருப்போம். 61 அலகில் கடைசி அலகு எது என்று எந்த மின்மானியும் பெயர் எழுதி வைப்பதில்லை. கூடியது மூன்று அலகு, தட்டு விளக்கிச் சொல்வது ஒன்றை. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தேடியபோதுதான், ஆகஸ்ட் மழைக்கு அப்பா இரவில் படுக்கப் போகுமுன் அரை லீற்றர் தண்ணீரை மின் கேத்தலில் கொதிக்கவைத்துப் போத்தலில் ஊற்றி எடுத்துப் போகும் வழக்கத்தைத் தொடங்கியிருந்தது என் நினைவுக்கு வந்தது.

கேத்தலையும் அளந்தேன். பத்துத் தடவைக்கு 0.55 அலகு. எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும் என்பதால் கீழ்நாட்டை விட இதில் ஒரு சிறு இலாபமும் உண்டு, ஆனால் குழாய்த் தண்ணீரே குளிர்ந்து வருவதால் அந்த இலாபம் அதிலேயே கரைந்துவிடும். நாளுக்கு ஒரு தடவை என்றால் மாதம் 1.65 அலகு. தட்டின் 1.09ஐயும் சேர்த்தால் 2.74. மூன்றுக்கு இதைவிட நெருக்கமான விடை எனக்குத் தேவைப்படவில்லை. தட்டு இரண்டு கைபேசிக்கும் ஒரு மாதம் முழுவதும் வீணாக்கியதை விட, அப்பாவின் போத்தல் ஒன்றரை மடங்கு அதிகமாக எடுத்திருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அதை வாசித்து முடித்திருந்தார். "கேத்தல் சுட்டா தண்ணி சுடுதும்மா. இது சுட்டா என்ன கெடைக்குது?" என்றார்.

வாதம் என்ற வகையில் அது தோற்காத வாதம். கேத்தலின் வெப்பம் நாம் கேட்ட வெப்பம், தட்டின் வெப்பம் கேட்காமல் வந்தது. இருந்தாலும் கேட்காமல் வந்ததற்கும் ஒரு பெறுமதி சில வேளை உண்டு. என் கைபேசியின் சார்ஜ் துளை இந்த ஈரத்தில் துருப்பிடித்துப் போனால், அதை மாற்றுவதற்கு நகரத்துக் கடையில் 4500 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு கைபேசியை நேராகத் தட்டில் வைப்பதால் கூடும் 0.27 அலகு எங்கள் படியில் மாதம் 2 ரூபாய் 16 சதம். வெறும் நேரத்தையும் சேர்த்தால் 3 ரூபாய் 20 சதம். ஈரமான மாதங்களில் மட்டும் தட்டைப் பயன்படுத்தி அந்தத் துளையை ஒரு வருடம் கூடுதலாகக் காப்பாற்ற முடிந்தால், செலவு வரவை விடச் சிறியதுதான். துளை நலமாக இருக்கும் என் கணவரின் கைபேசிக்கு இந்த நியாயம் பொருந்தாது. அது கேபிளுக்குத் திரும்பிவிட்டது. கேபிளின் அடப்டரை வெறுமனே செருகி வைத்தாலும் அது எடுப்பது தட்டின் துடிப்பை விடக் குறைவு, ஆனாலும் அதையும் அணைத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன்.

தட்டுக்கு ஓர் ஆளி உள்ள நீட்டிப்புப் பெட்டியைக் கொடுத்து, கைபேசி வைக்கும்போது மட்டும் போடுகிறோம். உறையைக் கழற்றிவிட்டு வைக்கிறேன். செப்டம்பர் பட்டியல் 59 அலகோடு 577 ரூபாய்க்கு வந்தது. மழை குறைந்து போத்தல் நின்றுவிட்டதும் அதே மாதத்தில்தான் என்பதால், யாரும் யாரையும் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் அப்பா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பழைய கறுப்பு ரேப்பை எடுத்து, முக்காலியின் மேல் தட்டைச் சுற்றி இரண்டு துண்டுகளை மூலை மட்டம் பார்த்து ஒட்டினார். கைபேசியின் ஒரு விளிம்பு ஒன்றிலும் அடி மற்றதிலும் முட்டும்படி தள்ளினால், இருட்டிலும் சுருள்கள் நேருக்கு நேர் வந்துவிடுகின்றன. ஒட்டி முடித்ததும் இருபது நிமிடம் காத்திருந்து, கைபேசியைத் தூக்கி, புறங்கையை வைத்துப் பார்த்தார்.